“உங்கள் பலம் என்ன?”: ஏழு செக்கும் ஒரு செக்கும்

கொழும்பில் கணக்குப் பிரிவு வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் பலர் இந்தக் கேள்விக்கு ஒரே விடையைப் பாடமாக்கிக்கொண்டு போகிறார்கள். “ஹார்ட் வேர்க்கிங், பங்ச்சுவல், குயிக் லேர்னர், டீம் பிளேயர்.” சொல்வது பொய் இல்லை. ஆனால் கேட்டவருக்கு அதில் எழுதிக்கொள்ள எதுவும் கிடைப்பதில்லை. பல இடங்களில் அவர் முன்னால் ஒரு புள்ளித்தாள் இருக்கும். கவனம், பொறுப்பு, பேச்சு என்று வரிசையாகப் போட்டு, பக்கத்தில் குறிப்பு எழுத இடம் விட்டிருப்பார்கள். பின்னேரம் ஆறேழு பேரின் தாள்களை விரித்துவைத்துப் பேசும்போது, “இந்தப் பிள்ளை கவனமானவராம்” என்பதை வைத்து யாராலும் வாதாட முடியாது. அதே வசனத்தை மற்ற ஆறு பேரும் சொல்லியிருப்பார்கள்.

அப்படியானால் எதைச் சொல்வது? ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். உயர்தரம் வர்த்தகப் பிரிவு. புறக்கோட்டையில் ஒரு மொத்த ஹார்ட்வெயார் கடையில் பதினான்கு மாதம் கணக்கு எழுதியவர். இப்போது ஒரு கொம்பனியின் கணக்குப் பிரிவுக்கு விண்ணப்பித்திருக்கிறார். விளம்பரத்தில் “கவனமாக வேலை செய்யக்கூடியவர்” என்று இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு “எனக்குக் கவனம் அதிகம்” என்றுதான் அவரும் சொல்ல நினைத்திருப்பார்.

அவர் முதலில் செய்யவேண்டியது, பலத்தைப் பற்றி யோசிப்பதை நிறுத்திவிட்டு அந்தப் பதினான்கு மாதத்தை யோசிப்பது. எது முன்பு பிழையாக நடந்தது, தன் கை பட்டபிறகு எது மாறியது என்று ஒரு கொப்பியில் எழுதிப் பார்க்கவேண்டும். அப்படி எழுதினால் வருவது ஒரு செக் கதை. அந்தக் கடைக்கு மாதம் ஏறத்தாழ அறுபது செக் வரும். பெரும்பாலானவை ஒரு மாதம், ஒன்றரை மாதம் தள்ளித் திகதி போட்டவை. அவற்றை வாடிக்கையாளர் பெயர்ப்படி கடித உறைகளில் போட்டு லாச்சிக்குள் வைத்திருந்தார்கள். பெயர்ப்படி அடுக்கினால் இன்னார் தரவேண்டியது எவ்வளவு என்பது உடனே தெரியும். நாளைக்கு எந்தச் செக் வங்கிக்குப் போகவேண்டும் என்பது தெரியாது. அதனால் அவர் சேர்ந்த முதல் இரண்டு மாதத்தில் ஏழு செக் திகதி கடந்துதான் வைப்பிலிடப்பட்டன. பிந்திப் போட்டால் அதற்குள் அந்த வாடிக்கையாளரின் கணக்கில் காசு தீர்ந்துபோய், செக் ரிட்டர்ன் ஆகலாம்.

அவர் செய்தது சின்ன வேலை. செக்குகளைத் திகதிப்படி மாற்றி அடுக்கினார். எக்செல்லில் திகதி, பெயர், செக் இலக்கம், வங்கி, தொகை என்று ஐந்து நிரல் போட்டார். தினமும் பின்னேரம் கடை மூடுமுன் மறுநாள் செக்குகளை எடுத்து வைத்தார். அதற்குப் பிறகான பன்னிரண்டு மாதத்தில் பிந்தியது ஒன்றே ஒன்று. வாடிக்கையாளர் தொலைபேசியில் “ரெண்டு நாள் பொறுத்துப் போடுங்கோ” என்று கேட்டதை யாரோ கேட்டுவிட்டு எழுதாமல் விட்டதால் வந்த பிழை அது. உடனே “தள்ளிக் கேட்ட திகதி” என்று ஆறாவது நிரல் ஒன்று சேர்த்தார்.

இனி இதை இன்டர்வியூவில் சொல்லும் அளவுக்குச் சுருக்கவேண்டும். ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை. இப்படி வரலாம்:

“திகதி தவறாமல் கவனிக்கிறதைத்தான் என் பலம் என்று சொல்லுவன், சேர். இப்ப இருக்கிற கடைக்கு மாதம் அறுபது செக் அளவில வரும். நான் சேர்ந்த முதல் ரெண்டு மாதத்தில ஏழு செக் பிந்திப் போட்டம். பெயர்ப்படி அடுக்கியிருந்ததுதான் காரணம். நான் அதைத் திகதிப்படி மாத்தி, எக்செல்லில பதிஞ்சு, முதல்நாளே எடுத்து வைக்கத் தொடங்கினன். பிறகு ஒரு வருஷத்தில ஒண்டுதான் பிந்தினது. அதுவும் போனில கேட்டதை எழுதாமல் விட்டதால. இப்ப அதுக்கும் ஒரு நிரல் இருக்கு.”

அந்த ஒரு செக்கை ஒளிக்கவேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. “ஒன்றுகூடப் பிந்தவில்லை” என்றால் கேட்பவர் சந்தேகப்படுவார். ஒன்று பிந்தியது, காரணம் இது, செய்தது இது என்றால், சொல்பவர் உண்மையிலேயே அந்த லாச்சியைத் திறந்தவர் என்பது விளங்கும். “முப்பது வீதம் வினைத்திறன் கூடியது” போன்ற வசனங்கள் விழுவதும் இதே இடத்தில்தான். எதன் முப்பது வீதம் என்று ஒரு கேள்வி வந்தால் முடிந்தது. எண்ணிச் சொல்லக்கூடியதை மட்டும் சொல்லுங்கள். சரியான கணக்கு இல்லாவிட்டால் “அளவில” என்று சொல்லிவிட்டு, எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள் என்பதையும் தயாராக வைத்திருங்கள்.

தொகையைச் சொல்லாமல் எண்ணிக்கையைச் சொன்னதையும் கவனியுங்கள். எந்த வாடிக்கையாளர் எவ்வளவு கடன் என்று பழைய கடையின் கணக்கை அவிழ்த்துவிடுகிறவர், நாளைக்கு நம் கணக்கையும் வேறு மேசையில் அவிழ்ப்பார் என்றுதான் எதிரில் இருப்பவர் நினைப்பார். “செய்தம், மாத்தினம்” என்று எல்லாவற்றையும் பன்மையில் சொல்வதும் பிரச்சினை. நம் வளர்ப்பில் “நான்” என்றால் தற்பெருமை. ஆனால் அந்த எக்செல் தாளைத் திறந்தது யார் என்பதுதான் அங்கே கேள்வி. பிந்தினது “நாங்கள்”, மாற்றினது “நான்”: மேலே உள்ள விடையில் இரண்டும் அதது இடத்தில் இருக்கின்றன.

விடை முடிந்ததும் இரண்டாவது கேள்வி வரும். கணக்குத் தெரிந்தவர், காசேட்டையும் வங்கிக் கூற்றையும் ஒத்துப் பார்க்கும் வேலையைப் பற்றி இப்படிக் கேட்கக்கூடும்: “வங்கி இணக்கக் கூற்றில வித்தியாசம் வந்தா முதல்ல எதைப் பார்ப்பீங்கள்?” பெயரடைகளோடு வந்தவர் “கவனமாகத் திரும்பப் பார்ப்பேன்” என்பார். வேலை செய்தவர் வேறுமாதிரிச் சொல்வார். வித்தியாசத் தொகையிலேயே ஒரு செக் இருக்கிறதா என்று தேடுவார். இல்லாவிட்டால் அதன் பாதித் தொகையைத் தேடுவார். வரவில் போடவேண்டியதைச் செலவில் போட்டிருந்தால் வித்தியாசம் இரட்டிப்பாகத்தான் காட்டும். அதுவும் இல்லாவிட்டால் ஒன்பதால் வகுத்துப் பார்ப்பார். 4,860ஐக் காசேட்டில் 4,680 என்று பதிந்தால் வித்தியாசம் 180. அது ஒன்பதால் மீதியின்றி வகுபடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் எப்போதும் அப்படித்தான் வரும். வகுபட்டால் இடமாற்றம்தான் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஆனால் தேடத் தொடங்க நல்ல இடம். “கவனம்” என்ற சொல் வாயில் வராமலே கவனம் தெரிந்துவிடுகிறது.

வேலை பார்த்ததே இல்லாத பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். கோயில் திருவிழா உபயக் கணக்கு எழுதியிருக்கலாம், வெள்ளவத்தையில் மாமாவின் கடையில் பின்னேரங்களில் பில் போட்டிருக்கலாம். எத்தனை ரசீது, எத்தனை நாள், கடைசியில் காசும் கணக்கும் ஒத்துவந்ததா, யார் சரிபார்த்தார் என்ற நாலும் இருந்தால் போதும்.

கொழும்பில் எல்லோரும் சொல்லும் இன்னொரு பலம், “மூன்று மொழியும் தெரியும்.” இதற்கும் அதே வைத்தியம்தான். லொறிச் சாரதிகளோடு சிங்களத்தில் நேரம் பேசி ஒழுங்கு செய்வேன், வங்கிக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவேன், வாடிக்கையாளரிடம் தமிழில் காசு கேட்பேன் என்று ஒவ்வொரு மொழியையும் ஒவ்வொரு வேலையோடு கட்டுங்கள். உங்களால் முடிந்ததை மட்டும் கட்டுங்கள். ஏனென்றால் அந்த வசனம் முடியும் முன்னரே மேசைக்கு அப்பால் இருந்து “ஏக கொஹொமத களே?”, அதை எப்படிச் செய்தீர்கள், என்று சிங்களத்தில் கேள்வி வரும், செக் கதையை முழுக்கச் சிங்களத்தில் சொல்லவேண்டியிருக்கும்.