நாலு நிமிஷ வேலைக்குக் கால் மணி நேரக் காசா?

பில் அனுப்பி இரண்டு நாள் ஆகியிருக்கும். போன் வந்தது. "ஏங்க தம்பி, ஃபுட்டர்ல போன் நம்பர் மாத்துனதுக்கு நாலு நிமிஷம்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்புறம் எதுக்குங்க கால் மணி நேரத்துக்குக் காசு?"

பேசியது கோவையில் மரச்சாமான் கடை வைத்திருப்பவர். அவருடைய இணையதளத்தை ஒன்றரை வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மணிக்கு 1,200 ரூபாய், ஒரு வேலைக்குக் குறைந்தபட்சம் 15 நிமிடம், அதற்கு மேல் போனால் அடுத்த 15-க்கு ஏற்றிக்கொள்வது. முதல் நாளே இதை மின்னஞ்சலில் எழுதி, அவரும் "ஓகே" என்று பதில் போட்டிருக்கிறார். அந்த "ஓகே"க்கு இன்றைக்கு ஒரு மதிப்பும் இல்லை.

சண்டைக்குக் காரணமான அந்தச் செவ்வாய்க்கிழமையைச் சொல்கிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். காலை 9:40-க்கு ஒரு வாட்ஸ்அப்: ஃபுட்டரில் போன் நம்பரை மாற்று. 4 நிமிடம். 11:05-க்கு முகப்பு பேனரை மாற்று, 7 நிமிடம். 11:50-க்கு, தொடர்பு படிவத்தில் யார் எழுதினாலும் மெயில் வரவில்லை என்றார், அது 22 நிமிடம் இழுத்தது. மதியம் 2:15-க்கு விலைப்பட்டியல் பிடிஎஃப் ஏற்ற 3 நிமிடம். மாலை 4:30-க்கு, பழைய பேனரே நன்றாக இருந்ததாம், அதையே போடு. 5 நிமிடம். இரவு 9:10-க்கு, சாப்பிட உட்கார்ந்த நேரம், காலையில் கொடுத்தது தப்பு நம்பராம், சரியானதைப் போடு. 2 நிமிடம்.

கூட்டினால் 43 நிமிடம். அவர் கணக்கில் அதை 45 ஆக்கினால் 900 ரூபாய். என் கணக்கில் ஆறு தனித்தனி வேலை: ஐந்துக்குக் கால் மணி நேரம் வீதம், படிவத்துக்கு மட்டும் அரை மணி நேரம். மொத்தம் ஒன்றே முக்கால் மணி நேரம், 2,100 ரூபாய். ஒரே நாள், ஒரே வேலை, வித்தியாசம் 1,200. ஏற்றுவதை ஒவ்வொரு வேலைக்கும் செய்கிறோமா, நாளின் மொத்தத்துக்குச் செய்கிறோமா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

அண்ணா, ஆட்டோவை நினைத்துப் பாருங்கள். சென்னையில் 2013-இல் அரசு வைத்த கட்டணம், முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய். (மீட்டர் போட்டுப் போன ஆட்டோ எது என்று கேட்காதீர்கள், அது வேறு குமுறல்.) நாலு தெரு தள்ளி இறங்கினாலும் 25-தான். காலையில் ஏறி இறங்கி, மதியம் திரும்ப ஏறி, ராத்திரி இன்னொரு முறை ஏறினால் ஒவ்வொரு முறையும் மீட்டர் முதலில் இருந்துதான் விழும். "இன்றைக்கு மொத்தமே மூன்று கிலோமீட்டர்தானே போனேன்" என்று ராத்திரி பேரம் பேசுவீர்களா?

அந்த 4 நிமிடம் என்பது நான் டைமரை அமுக்கியதிலிருந்து நிறுத்தியது வரைதான். அதற்கு முன்னால், கையில் இருந்த இன்னொருவர் வேலையைப் பாதியில் சேமித்து மூட வேண்டும். முடிந்த பிறகு கேஷை அழித்து, மொபைலில் திறந்து பார்த்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து "முடிந்தது அண்ணா" என்று அனுப்ப வேண்டும். அப்புறம் விட்ட இடத்துக்குத் திரும்பி, எந்த வரியில் நின்றோம் என்று தேட வேண்டும். இதில் ஒரு நிமிடம்கூட டைமரில் ஏறவில்லை. அந்த 15 நிமிடம் இதையெல்லாம் சேர்த்துத்தான். அமெரிக்க வக்கீல்கள் பலர் ஒரு மணி நேரத்தைப் பத்தாக வெட்டி, 6 நிமிடம் 6 நிமிடமாகப் பில் போடுவார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் அவர்கள் வாங்கும் கட்டணத்தில் ஆறு நிமிடமே நல்ல தொகை. என் கட்டணத்தில் அது 120 ரூபாய்.

இவர் வரிவரியாக நோண்ட ஆரம்பித்ததற்கு நானும் ஒரு காரணம், அதை மறைக்க மாட்டேன். மூன்று மாதம் முன்பு வரை என் ஷீட்டில் இப்படி ஒரு சூத்திரம் இருந்தது. B-யில் தொடங்கிய நேரம், C-யில் முடித்த நேரம்.

```
=CEILING((C2-B2)*1440,15)
```

பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் ஷீட் நேரத்தை ஒரு நாளின் பின்னமாக வைத்திருக்கிறது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும்போது சில நேரம் மிகச் சிறிய தசமம் ஒட்டிக்கொள்ளும். திரையில் 15 என்றுதான் தெரியும், உள்ளே 15-க்கு ஒரு மயிரிழை அதிகம். அவ்வளவு போதும், சூத்திரம் அதை 30 ஆக்கிவிடும். ஒரு பில்லில் அப்படி மூன்று வரி. அவருடைய கணக்குப்பிள்ளை பிடித்துவிட்டார். சரியாக 15 நிமிடம் என்று எழுதியதற்கு அரை மணி நேரக் காசு! 900 ரூபாயைக் கழித்துக் கொடுத்தேன், மானம் போனது தனி. இப்போது முதலில் முழு நிமிடமாக்கிவிட்டுத்தான் ஏற்றுகிறேன்:

```
=CEILING(ROUND((C2-B2)*1440,0),15)
```

இன்னொரு ஓட்டையை நானே கண்டுபிடித்தேன். டீ குடிக்க எழுந்தால் டைமரை நிறுத்துவேன். 8 நிமிடம், டீ, பிறகு 7 நிமிடம். வேலை ஒன்றுதான், 15 நிமிடம்தான். ஆனால் ஷீட்டில் இரண்டு வரி, ஒவ்வொன்றும் தனியாக 15 ஆகி, மொத்தம் 30. என் டீக்கு அவர் காசு கொடுத்திருப்பார். இப்போது ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண் போட்டு, அந்த எண்ணில் உள்ள நிமிடங்களை முதலில் கூட்டி, கடைசியில் ஒரே ஒரு முறை ஏற்றுகிறேன். ரெடிமேட் டைமர் செயலி வைத்திருப்பவர்கள், அது வரிக்கு வரி ஏற்றுகிறதா, கூட்டிய பிறகு ஏற்றுகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இவ்வளவு நேர்மையாக இருந்துவிட்டு, என்னுடைய 1,200-ஐ நான் ஏன் விட வேண்டும்?

என் தப்பு ஒன்று உண்டு: அந்த மின்னஞ்சலில் "ஒரு வேலை" என்றால் என்ன என்று எழுதவில்லை. இப்போது எழுதிவிட்டேன். ஒரே செய்தியில் சேர்ந்து வருவதெல்லாம் ஒரு வேலை. நான் செய்து கொடுத்த பிறகு வருவது புது வேலை. நான் தப்பாக அடித்திருந்தால் திருத்தக் காசில்லை, நீங்கள் தப்பாகக் கொடுத்திருந்தால் உண்டு. அந்தச் செவ்வாய்க்கிழமை நம்பர், பேனர், பிடிஎஃப் மூன்றையும் காலையிலேயே ஒன்றாக அனுப்பியிருந்தால் 14 நிமிடம், ஒரே கால் மணி நேரம். 600 ரூபாய் அவருக்கே மிச்சம். இதைச் சொன்னேன். "ஞாபகம் வர்றப்பதானுங்க தம்பி சொல்ல முடியும்" என்றார். சரி, ஞாபகம் வரும்போதெல்லாம் நான் எழுந்து ஓடி வர வேண்டும், அதற்குத்தானே அந்தக் காசு!

பில்லில் 1,200-ஐக் கழித்துக்கொண்டுதான் பணம் போட்டிருக்கிறார், ஒரு வார்த்தை சொல்லாமல். அடுத்த மாதப் பில்லில் முதல் வரியாக "முன்பாக்கி 1,200" என்று ஏற்றி வைத்திருக்கிறேன். அதன் கீழே ஆறு வேலைக்கும் அவர் அனுப்பிய வாட்ஸ்அப்பின் நேரம், வரிசையாக, இரவு 9:10 உட்பட.