கடைசிப் பத்தி

(நாளிதழ் வேலைக்கான நேர்முகத் தேர்வை முடித்துக்கொண்டு தம்பி வீடு திரும்புகிறான், அரசாளப் போகிறவனின் நடையோடு. அக்கா பல ஆண்டுகளாகச் செய்தி மேசையில் துணை ஆசிரியர். பிறர் எழுத்தை வெட்டி வெட்டியே இரக்கம் குறைந்தவள்.)

தம்பி: 300 சொல் செய்தியை 20 நிமிடத்தில் 120 சொல்லாகச் சுருக்கச் சொன்னார்கள் அக்கா. 18 நிமிடத்தில் முடித்துவிட்டேன். ஒற்றுப்பிழை மட்டும் 11 திருத்தினேன்!

அக்கா: ஒற்று இருக்கட்டும். செய்தி என்ன?

தம்பி: பஸ் கவிழ்ந்த விபத்து. 17 பேர் காயம். ஆண்கள் 9, பெண்கள் 6, குழந்தைகள் 3.

அக்கா: கூட்டிப் பார்த்தாயா?

தம்பி: பார்த்தேனே! 18 வந்தது. அதனால் ‘பலர் காயம்’ என்று மாற்றிவிட்டேன். 17, 18 இரண்டுக்கும் பொருந்தும்.

அக்கா: 170-க்கும்கூடப் பொருந்தும்.

தம்பி: அப்படியானால் 18 என்றே போட்டிருக்க வேண்டுமா?

அக்கா: மொத்தம் தவறா, குழந்தைகளின் எண்ணிக்கை தவறா, உனக்கு எப்படித் தெரியும்? ஒரு சிறுமியைப் பெண்கள் கணக்கிலும் குழந்தைகள் கணக்கிலும் சேர்த்திருக்கலாம். ‘மொத்தம் 17, கூட்டினால் 18, நிருபரிடம் உறுதி செய்யவும்’ என்று ஓரத்தில் குறிப்பு எழுத வேண்டும்.

தம்பி: தேர்வு அறையில் நிருபரே இல்லையே?

அக்கா: இல்லாதபோது நீயாக ஒரு விடையைச் செய்துகொள்கிறாயா, கேள்வியாக விட்டுவைக்கிறாயா என்று பார்க்கத்தான் அந்தப் பிழையையே வைக்கிறார்கள். பெயர்கள் சரியாக இருந்தனவா?

தம்பி: முதல் பத்தியில் ஓட்டுநர் சண்முகம், நான்காம் பத்தியில் சண்முகசுந்தரம். கண்டுபிடித்துவிட்டேன்!

அக்கா: நல்லது. என்ன செய்தாய்?

தம்பி: ‘ஓட்டுநர்கள்’ என்று பன்மையாக்கினேன்.

(அக்கா கண்களை மூடித் திறக்கிறாள்.)

அக்கா: மீதி 180 சொல்லை எங்கிருந்து வெட்டினாய்?

தம்பி: அடியிலிருந்துதான். முக்கியமானது மேலே, முக்கியமற்றது கீழே, தலைகீழ்ப் பிரமிடு. நீ சொல்லிக்கொடுத்ததுதானே?

அக்கா: அது ஏற்கெனவே ஒழுங்குபடுத்திய செய்திக்கு. தேர்வில் தருவது கரட்டுப் பிரதி. நிருபர் நடந்த வரிசையிலேயே எழுதிக் கொட்டியிருப்பார். கடைசிப் பத்தியில் என்ன இருந்தது?

தம்பி: ஏதோ அலுவலக விவரம். பிரேக் சரியில்லை என்று ஓட்டுநர் மூன்று வாரங்களுக்கு முன்பே எழுத்தில் புகார் கொடுத்திருந்தாராம்.

அக்கா: அதை வெட்டிவிட்டாயா!

தம்பி: முழுதாக. ஆனால் பஸ்ஸின் நிறத்தைக் காப்பாற்றிவிட்டேன். அது இரண்டாம் பத்தியில் இருந்தது.

அக்கா: செய்தியே அந்தப் புகார்தான் தம்பி. ‘பிரேக் பழுதாக இருப்பதாக ஓட்டுநர் மூன்று வாரங்களுக்கு முன்பே புகார் அளித்திருந்த பஸ் நேற்று கவிழ்ந்தது’ என்று தொடங்கியிருக்க வேண்டும்.

தம்பி: ‘பிரேக் பழுதால் கவிழ்ந்தது’ என்றால் இன்னும் விறுவிறுப்பாக இருக்குமே?

அக்கா: காரணம் அதுதான் என்று பிரதியில் யாராவது சொல்லியிருக்கிறார்களா?

தம்பி: இல்லை.

அக்கா: பிறகு நீ எப்படிச் சொல்வாய்? புகார் இருந்தது, பஸ் கவிழ்ந்தது. அதற்கு மேல் விசாரணை சொல்லட்டும். சரி, செய்தி யோசனை கேட்டார்களா?

தம்பி: மூன்று கேட்டார்கள். ‘போக்குவரத்து’, ‘சுற்றுச்சூழல்’, ‘இளைஞர்கள்’ என்றேன்.

அக்கா: அவை நூலக அலமாரியின் பெயர்ப்பலகைகள். என்ன நடந்திருக்கிறது, இப்போது ஏன் எழுத வேண்டும், யாரிடம் பேசுவாய், எந்த ஆவணத்தைப் பார்ப்பாய், இதெல்லாம் இருந்தால்தான் யோசனை.

தம்பி: (சற்று யோசித்து) ஓட்டுநர்கள் கொடுத்த பிரேக் புகார்களில் எத்தனை சரிசெய்யப்பட்டன? பணிமனைப் பதிவேட்டைப் பார்த்து, ஓட்டுநர்களிடமும் பழுதுபார்ப்பவர்களிடமும் பேசி, நிர்வாகத்தின் பதிலையும் வாங்கி…

அக்கா: இதை அங்கே சொல்லியிருக்கலாம்!

தம்பி: சொல்வதற்குள் வேறு கேள்விக்குப் போய்விட்டார்கள். பிறகு தேநீர் கொடுத்தார்கள். ஆசிரியரின் நாற்காலி கிரீச்சிட்டது. வெளியே மழை. குடையை அங்கேயே மறந்துவிட்டேன். திரும்பிப் போய் எடுத்தபோது, திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.

(நீண்ட மௌனம்.)

அக்கா: இதையும் கடைசிப் பத்தியிலா வைத்தாய்?

தம்பி: நடந்த வரிசையில் சொன்னேன் அக்கா!

அக்கா: வேலையில் சேரவா, அடுத்த சுற்றுக்கா?

தம்பி: அதை… நான் கேட்கவில்லை.

அக்கா: எத்தனை மணிக்கு?

தம்பி: காலையில். பத்தோ, பதினொன்றோ.

(அக்கா தொலைபேசியை எடுத்து அவன் கையில் திணிக்கிறாள்.)

தம்பி: ‘பகலில்’ என்று போட்டுக்கொண்டால் இரண்டுக்கும் பொருந்துமே?