கடைசி தேதியை நீட்டிப் போடாதீர்கள்

"லேஆஃப் ஆனது தெரியக் கூடாதுன்னா ரெஸ்யூமேல 'இன்று வரை'ன்னே போடுங்க, யாரும் பார்க்க மாட்டாங்க" என்று சிலர் யோசனை சொல்கிறார்கள்.

பார்ப்பார்கள். பின்னணிச் சரிபார்ப்பில் ரிலீவிங் லெட்டரோடு பி.எஃப். சர்வீஸ் ஹிஸ்டரியையும் பல நிறுவனங்கள் கேட்கின்றன. விலகிய தேதி அதிலேயே இருக்கும். ஆஃபர் கொடுத்த பிறகும் அதனால் ரத்தாகலாம்.

வேலை போன காரணத்தை ரெஸ்யூமேயில் எழுத வேண்டியதில்லை. 'ஜூன் 2021 – மார்ச் 2024' என்று மாதத்தோடு நிறுத்துங்கள். நேர்காணலில் கேட்டால், "எங்கள் டீமையே மூடிவிட்டார்கள், அதில் என் வேலையும் போனது" என்று ஒரே வரி போதும். பழைய கம்பெனியைத் திட்ட வேண்டாம்.

அப்புறம், செயல்திறன் காரணமாக நீக்கியிருந்தால் அதை லேஆஃப் என்று சொல்லாதீர்கள், ஹெச்.ஆரிடம் விசாரித்தால் வெளிவந்துவிடும். "அந்த வேலையின் எதிர்பார்ப்புக்கு நான் பொருந்தவில்லை" என்பது உண்மை, பதற்றமும் இல்லை. கட்டாயத்தின் பேரில் ராஜினாமா செய்தவர்கள் படிவத்தில் என்ன போடுவது என்பதுதான் சிக்கல்; கையில் உள்ள கடிதத்தின் வாசகத்தோடு முரண்படாமல் எழுதுவது நல்லது.