பதினோரு மாதம் போதாது, மூன்று ஆண்டுக்கு எழுதித் தாருங்கள்

கொழிஞ்சாம்பாறையில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் வாடகை ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. மறுபடியும் பதினோரு மாதத்துக்கு எழுதிக்கொள்ளலாம் என்றார் வீட்டுக்காரர். மூன்று ஆண்டுக்கு எழுதித் தாருங்கள் ஐயா என்று கேட்டேன். "பதினோரு மாதம்தானே சட்டம்?" என்றார். பொள்ளாச்சிப் பக்கமும் இதே எண்ணம் ஊறிக் கிடக்கிறது. அதனால் அவரிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

அப்படி ஒரு சட்டமே கிடையாது. ஓராண்டுக்கு மேற்பட்ட வாடகைப் பத்திரத்தைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. பதிவென்றால் முத்திரைத் தீர்வை, கட்டணம், சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அலைச்சல். இவற்றைத் தவிர்க்கவே ஒரு மாதத்தைக் குறைத்து எழுதும் பழக்கம் வந்தது. அதில் தவறில்லை. ஆனால் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துவிட்டு, ஒவ்வொரு பதினோரு மாதமும் இவர் புதுப்பிப்பாரா என்று காத்திருப்பது குடியிருப்பவருக்குப் பெரும் பாரம்.

"சரி, மூன்று ஆண்டு என்று முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவோம், பதிவு எதற்கு?" என்றார். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பதிவு செய்யாத அந்தத் தாளை வைத்து மூன்று ஆண்டுக் காலத்தை நீதிமன்றத்தில் நிலைநாட்ட முடியாது. குடியிருப்பு வீடென்றால் அது மாதவாடகையாகவே கருதப்படும். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லாத இடத்தில் பதினைந்து நாள் நோட்டீஸிலேயே அதை முடித்துவிடலாம். நானும் அதே நோட்டீஸில் காலி செய்துவிடலாம். எழுதியதால் இருவருக்கும் பயனில்லை.

கடைசியில்தான் உண்மையான பயத்தைச் சொன்னார். பன்னிரண்டு ஆண்டு இருந்தால் வீடு குடியிருப்பவனுக்குப் போய்விடுமாமே! உரிமையாளரின் உரிமையை மறுத்து, எதிராக அனுபவித்தவர்தான் அப்படிக் கேட்க முடியும். வாடகைக்கு இருப்பவன் அவர் அனுமதியோடு இருக்கிறான். குடியிருக்கும்வரை அவர் உரிமையை மறுக்கவும் சட்டம் இடம் தராது. "நான் உங்கள் வாடகைக்காரன்" என்று என் கையெழுத்தோடு பதிவான பத்திரம் அவருக்குத்தான் கேடயம்.

நான் எழுதிக்கொடுத்த நகல் இது. காலம் மூன்று ஆண்டு. வாடகை முதலாண்டு 8,000 ரூபாய், ஆண்டுக்கு ஐந்து சதவீத உயர்வு. அதாவது 8,400, பிறகு 8,820. உள்வாடகைக்கு விடக்கூடாது. வாடகை இரண்டு மாதம் தவறினால் அவர் ஒப்பந்தத்தை முறிக்கலாம். முதலாண்டுக்குப் பிறகு நான் இரண்டு மாத முன்னறிவிப்போடு காலி செய்யலாம். முன்பணத்தைச் சாவி கொடுக்கும் நாளிலேயே திருப்பித் தர வேண்டும். எதற்குப் பிடிக்கலாம் என்பதையும் எழுதியிருக்கிறேன். சுவரில் அடித்த ஆணிக்கெல்லாம் வெள்ளையடிப்புச் செலவு முழுவதையும் பிடிக்கும் வழக்கம் எனக்கு நியாயமாகப் படவில்லை.

முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் நானே கட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நகலை மகனிடம் காட்டிவிட்டுச் சொல்வதாக வாங்கிப் போயிருக்கிறார்.