நீல டேக் ஒட்டியிருந்தா போதுமா?

சித்தப்பா மாசிப் பட்டத்துக்கு ரெண்டு ஏக்கர் உளுந்து போட்டார். விதை 16 கிலோ, முகநூல் விளம்பரத்தைப் பார்த்து வாங்கினது. ‘வம்பன் 8, அரசு சான்று பெற்றது’ன்னு போட்டு, சான்று விதைப் பையில் இருக்கிற நீல டேக்கோட படமும் வச்சிருந்தாங்க. கடை விலையைவிடக் கிலோவுக்கு முப்பது ரூபாய் கம்மி, வேறென்ன வேணும்!

முப்பதாவது நாள் காடே மஞ்சளாயிடுச்சு. வம்பன் 8 மஞ்சள் தேமல் நோயைத் தாங்குற ரகம். அதுக்காகத்தான் அதையே தேடி வாங்கினார். விதைக்கிறதுக்கு முன்னால நூறு விதையை ஈரச் சாக்கில் வச்சுப் பார்த்ததில் தொண்ணூறு முளைச்சதாம். விதைக்கு உயிர் இருக்கான்னுதான் அந்தச் சோதனை சொல்லும். அது என்ன ரகம்னு சொல்லாது. உளுந்தைக் கையில் வச்சுப் பார்த்தாலும் தெரியாது. ரகத்துக்குச் சாட்சி அந்த டேக் மட்டும்தான்.

விளம்பரப் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன். பரிசோதனை தேதி போன வருஷம் மார்ச். சான்று விதைக்கு அந்தத் தேதியிலிருந்து ஒன்பது மாசம்தான் ஆயுள். மறுபடி பரிசோதிச்சு நீட்டிச்சிருந்தா புதுத் தேதி இருக்கணும், அது இல்லை. ஆக, டிசம்பரிலேயே செத்துப்போன டேக். வீட்டுக்கு வந்த பையில் அதுகூட இல்லை. நிஜ டேக்கைப் பை வாயோடு சேர்த்துத் தைச்சு முத்திரை போட்டிருப்பாங்க. இதில் நீலக் காகிதம் ஒண்ணு பசை போட்டு ஒட்டியிருந்தது, எந்தத் தொகுதி விதைன்னு சொல்ற குவியல் எண்ணே கிடையாது.

பில் எங்கேன்னு கேட்டேன். ‘போன்ல பணம் அனுப்பின மெசேஜ் இருக்கு’ன்னார். குவியல் எண் இல்லாத ரசீதை வச்சு விதை ஆய்வாளர்கிட்ட என்னத்தைப் புகார் பண்றது?

அதனால இப்போ யார் கேட்டாலும் இதைத்தான் சொல்றேன். பணம் அனுப்புறதுக்கு முன்னால விற்கிறவரோட விதை விற்பனை உரிம எண்ணைக் கேளுங்க. உங்களுக்கு அனுப்பப்போற அதே பையோட டேக்கைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க. ரெண்டையும் உங்க வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் காட்டிக் கேளுங்க. ‘நாளைக்கு அனுப்புறேன்’னு இழுத்தடிச்சா விட்டுடுங்க. அரசுக் கிடங்கில் என்ன ரகம் இருப்பு இருக்குன்னு உழவன் செயலியிலேயே பார்க்கலாம், நம்மாளுங்க அதைத் திறக்கிறதே இல்லை. பை வந்ததும் பில்லில் ரகம், குவியல் எண், தேதி மூணும் இருக்கான்னும், அந்த எண் டேக்கில் உள்ளதோடு ஒத்துப்போகுதான்னும் பாருங்க. டேக் பக்கம் வெட்டாம அடிப்பக்கமா பையைப் பிரிச்சு, ஒரு பிடி விதையோட அறுவடை வரைக்கும் வச்சிருங்க.

பூச்சிமருந்தை உரிமம் உள்ளவர் ஆன்லைனில் விற்கலாம்னு 2022லேயே விதியைத் திருத்திட்டாங்க. அங்கேயும் முதல்ல கேட்க வேண்டியது உரிமத்தைத்தான். மானிய டிஏபி உரத்தை உரக்கடை மெஷினில் ஆதார் மாதிரி அடையாள அட்டை வச்சுத்தான் தருவாங்க. கூரியரில் வீட்டுக்கே வருதுன்னு எவனாவது சொன்னா போனை வச்சுடுங்க.

சித்தப்பா அந்தக் காட்டை உழுதுட்டார். நீலக் காகிதம் மட்டும் இன்னும் என் பர்ஸில் இருக்கு.