பாதித் தவணையும் தொண்ணூறாம் நாளும்

"மாசாமாசம் ஏதாச்சும் கட்டிக்கிட்டு வந்தா பேங்க் ஒன்னும் செய்யாது." கந்தப்பளை, நுவரெலியாப் பக்கம் மரக்கறி போடுகிற பலருக்கு இப்படி ஒரு நம்பிக்கை இருக்கிறது. இது பிழை. இதை நம்பி நல்ல மனதோடு கட்டிக்கொண்டு வந்தவர்களின் கடனே கெட்ட கடனாகிறது. அதனால் வங்கி நாளை எப்படி எண்ணுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

வங்கி பார்ப்பது நீங்கள் கடைசியாக எப்போது கட்டினீர்கள் என்பதை அல்ல. இன்னும் முழுதாகக் கட்டி முடிக்காத தவணைகளில் ஆகப் பழையது எது, அதன் திகதியிலிருந்து இன்றைக்கு எத்தனை நாள் என்பதைத்தான். கொண்டுபோய்க் கொடுக்கிற காசு இந்த மாதத் தவணைக்குப் போவதில்லை. பழைய நிலுவைக்குத்தான் முதலில் போகும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தவணை 30,000 ரூபாய், ஒவ்வொரு மாதமும் 25ஆம் திகதி. ஜனவரியிலிருந்து கரட் விலை விழுந்துவிட்டது, 15,000தான் கட்ட முடிகிறது. ஆனால் ஒரு மாதமும் தவறாமல் 25ஆம் திகதியே கட்டுகிறார். பெப்ரவரியில் கட்டிய 15,000 ஜனவரித் தவணையின் மிச்சத்தை அடைக்கிறது. மார்ச்சிலும் ஏப்ரலிலும் கட்டியது பெப்ரவரித் தவணையை அடைக்கிறது. இப்போது ஏப்ரல் 25. ஆகப் பழைய நிலுவை மார்ச் 25, அதாவது 31 நாள். மே 25 அன்று கட்டுகிற 15,000 மார்ச் தவணையில் பாதியைத்தான் அடைக்கும். அன்றும் ஆகப் பழைய நிலுவை மார்ச் 25தான், 61 நாள். மிச்சப் பாதியை அவர் ஜூன் 25 அன்றுதான் கட்டுவார். ஆனால் மார்ச் 25 தொடக்கம் ஜூன் 24 வரை 91 நாள். முடிந்தது. ஐந்து மாதமும் தவறாமல் வந்து 75,000 ரூபாய் கட்டியவரின் கடன், 90 நாள் தாண்டிவிட்டதால், அன்றைக்குக் கெட்ட கடன், வங்கி மொழியில் செயற்படாக் கடன்.

தாமத வட்டியையும் கட்டணங்களையும் நான் இதில் சேர்க்கவில்லை. வழக்கமாக வங்கி அவற்றைத்தான் முதலில் எடுத்துக்கொள்ளும், ஆகவே உண்மையில் இது இன்னும் சீக்கிரமாகவே நடக்கும்.

இலங்கை வங்கிகள் 2018இலிருந்து எஸ்.எல்.எஃப்.ஆர்.எஸ். 9 என்ற கணக்கீட்டு நியமத்தைப் பின்பற்றுகின்றன. மத்திய வங்கியின் 2021ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கப் பணிப்புரையும் அதோடு ஒத்துப்போகிறது. இதன்படி கடனுக்கு மூன்று கட்டங்கள். ஒழுங்காகப் போகிற கடன் முதலாம் கட்டம். 30 நாள் தாண்டினால் பொதுவாக இரண்டாம் கட்டம். 90 நாள் தாண்டினால் மூன்றாம் கட்டம். செயற்படாக் கடன் என்பது இதைத்தான். நாள் மட்டுமே அளவுகோல் என்றும் இல்லை. கடன்காரர் இறந்துவிட்டார், தொழிலை மூடிவிட்டார் என்று தெரிந்தால் 90 நாள் வரை காத்திருக்காமலே மூன்றாம் கட்டத்தில் போடலாம். மேலே சொன்னவர், பெப்ரவரித் தவணையின் மிச்சம் 30 நாள் தாண்டியதால், மார்ச் கடைசியிலேயே இரண்டாம் கட்டத்துக்கு வந்துவிட்டார். அவருக்குத்தான் அது தெரியாது.

இனி, வரக்கூடிய நட்டத்துக்காக வங்கி "ஒதுக்கி வைப்பது" பற்றி. உயர்தரத்தில் கணக்கீடு படித்தவர்களுக்கு ஐயக்கடன் ஏற்பாடு ஞாபகம் இருக்கும். அதே எண்ணம்தான், ஆனால் இப்போது கடன் கெடும் வரை காத்திருப்பதில்லை, கொடுத்த நாளிலிருந்தே ஒதுக்க வேண்டும். மூன்று எண்களைப் பெருக்குகிறார்கள்: கடன் தவறும் வாய்ப்பு, தவறினால் நட்டமாகும் பங்கு, அந்த நேரம் நிற்கிற தொகை.

நிற்கிற தொகை 8,00,000 என்று வைப்போம். காணியை ஏலம் போட்டால் செலவு போக 6,35,000 கிடைக்கும், ஆனால் கைக்கு வர இரண்டு வருடம் ஆகும். கடனின் வட்டி வீதமான 15 வீதத்தில் கழித்தால் அந்தக் காசின் இன்றைய பெறுமதி ஏறக்குறைய 4,80,000. ஆகவே நட்டம் 3,20,000, அதாவது 40 வீதம். முதலாம் கட்டத்தில் அடுத்த 12 மாதத்துக்குள் தவறும் வாய்ப்பை மட்டும் பார்ப்பார்கள். அது 3 வீதம் என்றால் ஒதுக்குவது 9,600 ரூபாய். இரண்டாம் கட்டத்தில் கடன் முடியும் வரைக்குமான வாய்ப்பைப் பார்க்க வேண்டும்; அது 20 வீதம் என்றால் 64,000. மூன்றாம் கட்டத்தில் தவறியே விட்டது, வாய்ப்பு 100 வீதம், ஒதுக்குவது 3,20,000. இந்த வீதங்கள் உதாரணத்துக்கு நான் போட்டவை. ஒவ்வொரு வங்கியும் தன் பழைய கடன்களின் அனுபவத்தையும் நாட்டின் பொருளாதார நிலையையும் வைத்துத் தன் வீதத்தைக் கணிக்கும்.

இந்தக் காசு தனிப் பெட்டியில் பூட்டி வைக்கப்படுவதில்லை. அந்த வருட இலாபத்தில் செலவாகக் கழிபடுகிறது, ஐந்தொகையில் கடனின் பெறுமதி அந்த அளவுக்குக் குறைகிறது. மூன்றாம் கட்டத்துக்குப் போனதும் வங்கி தன் வருமானத்தில் காட்டும் வட்டியும் 8,00,000க்கு அல்ல, மிச்சம் 4,80,000க்குத்தான். வைப்பாளர்களின் பணத்தைக் காக்க இது அவசியம், இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் "பேங்க்தான் ஒதுக்கிருச்சே, நம்ம கடன் கழிஞ்சிருச்சு" என்று யாரும் நினைக்க வேண்டாம். நீங்கள் கட்ட வேண்டியது முழு 8,00,000உம் அதன் வட்டியும்தான். கடன் வரலாற்றைக் காட்டுகிற கிரிப் அறிக்கையிலும் நிலுவை பதிவாகி, அடுத்த கடனுக்குப் போகும்போது முன்னால் வந்து நிற்கும்.

நம் மலையகத்தில் இது ஏன் கூடுதலாக வலிக்கிறது? காணி உறுதி இல்லாத தோட்டக் குடும்பங்களுக்குப் பிணையாளிகளை வைத்துத்தான் கடன். ஏலம் போட ஒன்றும் இல்லாததால் நட்டப் பங்கு 40 அல்ல, 65 என்று வைத்தால் அதே கடனுக்கு 5,20,000 ஒதுக்க வேண்டும். உறுதி இல்லாதவருக்கு வட்டி கூடுவதற்கும் கடன் மறுக்கப்படுவதற்கும் இந்தப் பெருக்கல் ஒரு பெரிய காரணம். இன்னொன்று பயிர்க் காலம். உருளைக்கிழங்கு வெட்ட மூன்று மாதத்துக்கு மேல் போகும். ஒரு போகம் பிழைத்தால் தொண்ணூறு நாளும் அதிலேயே போய்விடும். அறுவடைக்கு அறுவடை கட்டுகிற மாதிரித் தவணை போடாமல், சம்பளக்காரருக்குப் போடுகிற மாதத் தவணையை விவசாயிக்கும் போடுவது வங்கியின் தவறு என்றே நான் சொல்வேன்.

வங்கியின் கணினிக்கு நிலுவை நாள் தினமும் தெரியும். அதைக் கட்டுகிற ரசீதில் தமிழில் ஒரு வரியாக அச்சிட்டுக் கொடுக்க என்ன தடை? "ஆகப் பழைய நிலுவை மார்ச் 25, இன்றைக்கு 61 நாள்" என்று மே மாதமே தெரிந்திருந்தால், அந்த மனிதர் ஜூன் 20ஆம் திகதிக்குள் எப்படியாவது மிச்சம் 15,000ஐப் புரட்டிக் கட்டியிருப்பார். மார்ச் தவணை முழுதாக முடிந்திருக்கும். ஜூன் 24 அன்று எண்ணிக்கை 91 அல்ல, ஏப்ரல் 25இலிருந்து 60. அதற்குள் மனேஜரைச் சந்தித்து மீளட்டவணை, அதாவது தவணைகளைப் புதிதாகப் பிரித்துப் போடச் சொல்லி, கேட்கவும் நேரம் கிடைத்திருக்கும்.

மூன்றாம் கட்டத்துக்குப் போன பிறகு கேட்கிற மீளட்டவணை வேறு மாதிரி. நிலுவையைக் கட்டிய அன்றே கடனை மேலே ஏற்ற மாட்டார்கள். புதிய தவணைகள் ஒழுங்காக வருகின்றனவா என்று கொஞ்சக் காலம் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். பழைய நிலுவையை அடைக்கப் புதுக் கடன் தருகிறோம் என்றால் வாங்காதீர்கள். காகிதத்தில் நாள் எண்ணிக்கை பூச்சியமாகும், கடன் தொகை கூடும், தோட்டத்து வருமானம் அப்படியே இருக்கும்.

ரசீதில் அந்த வரி வரும் வரைக்கும், காசு கட்டும்போது கவுன்டரில் இதைக் கேளுங்கள்: "எந்தத் திகதித் தவணை இன்னும் முழுசா முடியல?" அந்தத் திகதியை ரசீதின் பின்னால் எழுதி, அங்கிருந்து நாளை எண்ணுங்கள்.