பெருமையை வெட்டிவிட்டு ஐந்து வரியைப் பேசு

அக்காவின் மகளுக்குப் பாடசாலையில் விவாதப் போட்டி. 'பழந்தமிழ் இலக்கியம் கட்டாய பாடமாகத் தொடர வேண்டும்' என்பது தலைப்பு, அவள் ஆதரித்துப் பேசும் அணி. வெள்ளவத்தை வீட்டில் பேச்சை வாசித்துக் காட்டினாள். 2004இல் இந்திய அரசு தமிழைச் செம்மொழியாக அறிவித்ததில் தொடங்கி, முதல் பக்கம் முழுக்கப் பெருமைதான்.

"இதை வெட்டு பிள்ளை. பெருமையான எல்லாவற்றையும் பரீட்சைக்கு வைப்பதா என்று எதிரணி கேட்டால் என்ன சொல்வாய்?" என்றேன். முகம் சுருங்கிவிட்டது.

எதிரணியின் பலமான வாதம் வேறு. பிள்ளைகள் பாட்டைப் படிப்பதில்லை, டியூஷன் நோட்ஸில் உள்ள பொழிப்பைத்தான் பாடமாக்குகிறார்கள் என்பது. ஓ.எல். எழுதிய எவரும் இதை மறுக்க மாட்டார். அதனால் அவளும் மறுக்க வேண்டாம், ஒத்துக்கொண்டே தொடங்கட்டும். பிறகு ஒரே ஒரு பாட்டை எடுக்கட்டும்: புறநானூறு 112. மூவேந்தரும் பறம்பு மலையைக் கைப்பற்றி, பாரியும் இறந்தபின் அவன் மகளிர் பாடியது.

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம் எம் குன்றும் பிறர் கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்று எறி முரசின் வேந்தர் எம்
குன்றும் கொண்டார் யாம் எந்தையும் இலமே

அன்றைய நிலாவில் அப்பாவும் இருந்தார், மலையும் எங்களிடம் இருந்தது. இன்றைய நிலாவில் மலையும் போய்விட்டது, அப்பாவும் இல்லை. அவ்வளவுதான். அற்றை, எந்தை, இலமே என்று நாலைந்து சொல்லைச் சொல்லிக்கொடுத்தால் மிச்சத்தை எட்டாம் ஆண்டுப் பிள்ளையே வாசிக்கும். 'அ' 'இ' ஆகிறது, அதற்குள் ஒரு மாதத்தில் வீடும் தகப்பனும் போய்விடுகின்றன. அழுகை என்ற சொல்லே பாட்டில் இல்லை. முதலில் அப்பாவைச் சொல்லி மலையைச் சொன்னவர்கள், முடிவில் மலையைச் சொல்லி அப்பாவில் நிறுத்துகிறார்கள். இடம்பெயர்ந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் இதற்கு நோட்ஸ் எதற்கு?

"கருத்துத்தானே முக்கியம், இங்கிலிஷில் சொன்னாலும் விளங்கும்தானே மாமா?" என்று கேட்டாள். கருத்து விளங்கும். அந்த 'அ'வும் 'இ'யும் அங்கே வராது.

சரி, ஏன் கட்டாயம்? விரும்பியவர் படிக்கட்டுமே? இலக்கிய நயம் ஓ.எல்.லில் ஏற்கெனவே விருப்பப் பாடமாக இருக்கிறது. அதைத் தேடிப் போவது பெரும்பாலும் வீட்டில் புத்தகம் உள்ள பிள்ளை. கொழும்பில் கணிதமும் விஞ்ஞானமும் இங்கிலிஷில் படிக்கும் பிள்ளைக்கு இந்தப் பாட்டு எதிர்ப்படும் ஒரே இடம் தமிழ்ப் பாடவேளை. கட்டாயத்தை எடுத்துவிட்டால் அந்தக் கதவும் பூட்டு.

ஆனால் பாட்டுகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம் என்பதை அவள் விட்டுக்கொடுத்தே பேச வேண்டும். நீண்ட காப்பியப் பகுதியை மனப்பாடம் செய்வதை விட இப்படி ஐந்து வரிப் பாட்டுகள் பத்து போதும். பரீட்சையில் பாடப் புத்தகத்தில் இல்லாத ஒரு பாட்டை, அருஞ்சொற்பொருளோடு கொடுத்துக் கேட்கட்டும். நோட்ஸ் விற்பவர் அதற்கு என்ன எழுதிக் கொடுப்பார்?